கல்யாண மண்டபத்தில் அம்மோனியா

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த அன்று, தங்கை புத்தகப் பையைக் கட்டிலில் வீசிவிட்டு, "எங்க கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்கு டிரான்ஸ்பர் வந்துடுச்சு" என்றாள். அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நான் விருத்தாசலத்திலேயே கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் மூன்றாம் ஆண்டு.

"வேற மிஸ்ஸு வருவாங்கல்ல?"

"வருவாங்களாம். எப்பன்னு யாருக்கும் தெரியல. அதுவரைக்கும் பாட்டனி மிஸ்ஸு வந்து உக்காருவாங்க. சத்தம் போடாம படிங்கன்னு சொல்லுவாங்க."

டியூஷன் போகலாமே என்றேன். அங்கே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது. அந்த சார் புத்தகத்தில் இருப்பதையே சத்தமாக வாசிக்கிறாராம், அதை நானே செய்துகொள்வேனே என்றாள். பிறகு என் அலமாரியைத் திறந்து, கல்லூரி நோட்டுகள் நான்கையும் உருவி எடுத்தாள்.

"உனக்கும் இதே பாடந்தானே? தெர்மோடைனமிக்ஸ், ஈக்விலிப்ரியம், அணைவுச் சேர்மம். தலைப்பு எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குது. இத வச்சே படிச்சுக்கறேன்."

என் பன்னிரண்டாம் வகுப்பு நோட்டுகள் எப்போதோ பழைய பேப்பருக்குப் போய்விட்டிருந்தன. இருந்திருந்தாலும் பயனில்லை, பாடத்திட்டம் மாறி அவளுக்குப் புதுப் புத்தகம் வந்திருந்தது. ஆகவே எடுத்துக்கொள் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். உண்மையில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். அந்த நோட்டுகளை நான் பொன்போல வைத்திருந்தேன். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனவள், முதல் ஆண்டு முழுவதும் பேராசிரியர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், பின்பு தட்டுத்தடுமாறி அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை விடாமல் எழுதப் பழகியவள். அந்த நோட்டுகளில் தலைப்புக்குச் சிவப்பு மை, உட்தலைப்புக்குப் பச்சை மை.

மறுநாள் சாயங்காலம் நோட்டுகள் என் மடிக்குத் திரும்பி வந்தன.

"யக்கா, ஃபியூகாசிட்டின்னா என்னா?"

"அது... வாயுவோட ஒரு... தப்பிச்சுப் போற தன்மை."

"யாரு தப்பிச்சுப் போறாங்க?"

நான் யோசித்தேன். தேர்வில் அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனால் யார் எங்கிருந்து தப்பித்துப் போகிறார்கள் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

"அது உனக்கு வேணாம். நான் உனக்குத் தமிழ்ல எழுதித் தரேன்" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் முயற்சியில் நான் செய்தது, ஆங்கில வரியைத் தமிழ் வரியாக மாற்றியதுதான். வேதிச்சமநிலை என்ற ஒரு பாடத்தை மட்டும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே மரியாதை வந்தது. அவ்வளவு கனமாக இருந்தது. தங்கை அதை அடுப்படிக்கு எடுத்துப் போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

அம்மா பீங்கான் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தார். கரண்டு ஃபியூஸ் கட்டைகளைக் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சில் முக்கி எடுத்து, அடிப்பக்கத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைக்கும் வேலை. துடைக்காமல் விட்டால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து கை கழுவினாலும் முழங்கைப் பக்கம் வெள்ளைப் பூச்சாகக் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அன்று கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

தங்கை படித்தாள்: "மாறா வெப்பநிலையில் மூடிய அமைப்பொன்றில் நிகழும் மீள்வினையொன்றின் முன்னோக்கு வினைவேகமும் பின்னோக்கு வினைவேகமும் ஒன்றுக்கொன்று சமமாகுமிடத்து அவ்வமைப்பானது..."

"யாருடி எழுதுனது இது? கல்வெட்டு மாதிரி இருக்குது" என்றார் அம்மா.

"அக்காதான்."

"நல்லா எழுதியிருக்குறா. ஆனா எனக்கு அதுக்குள்ள கத்தரிக்காய் முடிஞ்சு போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. படிப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்றேன். தங்கை பென்சிலை எடுத்து, தான் எங்கெல்லாம் நின்றுபோகிறாளோ அங்கெல்லாம் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தாள். முதல் பக்கம் முடிவதற்குள் பெரியம்மை வந்த முகம்போல ஆகிவிட்டது தாள்.

"இது தெரியாதுன்னு போடல. இங்க நீ ஏதோ ஒண்ணு எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டு தாண்டிப் போயிட்ட. அதான் போட்டேன்" என்றாள்.

அந்தக் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். பேராசிரியர் ஒரு சமன்பாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது, இதை எளிதாகக் காட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் அதை அப்படியே எழுதியிருந்தேன். மொழிபெயர்த்தபோதும் அப்படியே தாவியிருந்தேன். எளிதாகக் காட்டலாம் என்பதை யாரும் யாருக்கும் காட்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். ஒரு பக்கம் என் கல்லூரி நோட்டு, நடுவில் அவளுடைய பாடப்புத்தகம், இன்னொரு பக்கம் பழைய வினாத்தாள்கள் கொண்ட கொஸ்டின் பேங்க். மின்விசிறியில் தாள் பறக்காமலிருக்க, அம்மா கொண்டுவந்திருந்த விளிம்பு உடைந்த ஃபியூஸ் கட்டைகளை மேலே வைத்தோம். அவள் ஒவ்வொரு தலைப்பாகக் கேட்பாள்: இது புத்தகத்துல இருக்குதா? கேள்வியா வந்திருக்குதா? இரண்டுக்கும் இல்லை என்றால் அந்தப் பகுதி போயிற்று. வாண்ட் ஹாஃப் சமன்பாட்டை வருவிக்கும் முறை போயிற்று. ஃபியூகாசிட்டி போயிற்று. மூன்று பக்க வருவிப்பு ஒன்றை நான் விடவே மாட்டேன் என்று சண்டை போட்டேன். அது எவ்வளவு அழகான வருவிப்பு என்று சொன்னேன்.

"அழகாத்தான் இருக்கும். நீயே வச்சுக்க" என்றாள்.

மிஞ்சியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை எப்படிச் சொல்வது என்பதுதான் பாடு. சமநிலையில் வினை நின்றுபோவதில்லை, இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருக்கிறது. இதற்கு நான் பேருந்து நிலையத்தை உதாரணம் சொன்னேன். கடலூர் பஸ் வந்து நிற்கிறது. பத்துப் பேர் இறங்குகிறார்கள், பத்துப் பேர் ஏறுகிறார்கள். பஸ்ஸில் இருப்பவர்கள் எண்ணிக்கை மாறவில்லை.

"எறங்குனவங்களே திரும்ப ஏறுவாங்களா?"

"ஏறமாட்டாங்க. அவங்க வூட்டுக்குப் போயிடுவாங்க."

"அப்பறம் எப்பிடி அது மூடிய அமைப்பு? அம்மோனியா ஒடஞ்சு வர்ற நைட்ரஜனும் ஹைட்ரஜனும் வூட்டுக்கா போவுது? அதேதானே திரும்ப அம்மோனியா ஆவுது?"

கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கல்யாண மண்டபம்" என்றாள்.

"என்னா?"

"கல்யாண மண்டபம். வெளிக் கதவு சாத்தியாச்சு. மேல ஹாலு, கீழ சாப்பாட்டுக் கூடம். சாப்புடப் போறவங்க போய்க்கிட்டே இருக்காங்க, சாப்ட்டவங்க மேல வந்துக்கிட்டே இருக்காங்க. நிமிஷத்துக்கு எத்தன பேரு எறங்குறாங்களோ அத்தன பேரு ஏறுறாங்க. ஹாலுல எப்பவும் அதே கூட்டம்தான். ஆனா ஆளு மாறிக்கிட்டே இருக்கு. சரியா?"

சரியாகத்தான் இருந்தது. பஸ்ஸை அடித்துவிட்டு மண்டபத்தை எழுதினேன். மேலே திடீரென்று ஒரு வேன் நிறைய ஆட்களை விட்டால், கீழே போகிறவர்கள் அதிகமாவார்கள். செறிவைக் கூட்டினால் சமநிலை எதிர்ப்பக்கம் நகரும் என்று லீ சாட்லியர் தத்துவம் சொல்வது அவ்வளவுதான். கீழே சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தாலும் மேலிருந்து வருவது நிற்காது. உண்டாகும் அம்மோனியாவை அவ்வப்போது நீக்குவது அதற்காகத்தான்.

அழுத்தம் என்று வந்தபோது மண்டபம் கைகொடுக்கவில்லை. ஒரு நைட்ரஜனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு அம்மோனியா. நான்கு மூலக்கூறு இரண்டாகிறது. மண்டபத்தில் நான்கு பேர் இரண்டு பேராக ஆக முடியாது. இங்கே எனக்கு ஷேர் ஆட்டோ தோன்றியது. இடம் தாராளமாக இருந்தால் இரண்டு அம்மாக்களும் இரண்டு பிள்ளைகளும் நான்கு இடத்தில் உட்காருவார்கள். நெருக்கினால் பிள்ளைகள் மடிக்குப் போய்விடும், இரண்டு இடம் போதும். அழுத்தினால் எந்தப் பக்கம் எண்ணிக்கை குறைவோ அந்தப் பக்கம் வினை போகும். தங்கை அதைப் படித்துவிட்டு, "இது பரவால்ல" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

அதன் பிறகு எங்களுக்கு வேகம் பிடித்துக்கொண்டது. எழுதியதை அவள் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள். அம்மா "அப்பறம்?" என்றால் அந்தப் பக்கம் தேறியது. "சரி சரி" என்றால் திருப்பி எழுத வேண்டும். அம்மாவுக்கு வேதியியலில் ஆர்வம் எல்லாம் கிடையாது. கதை கேட்கிற மாதிரி கேட்பார், அவ்வளவுதான்.

சில இடங்களில் என் பாடு வீண்பாடாகவும் போயிற்று. கீலேட் என்று கல்லூரியில் படித்திருந்தேன். ஒரே ஈனி, அதாவது உலோக அயனியோடு வந்து ஒட்டும் மூலக்கூறு, இரண்டு மூன்று இடங்களில் பிடித்துக்கொண்டால் உண்டாவது. அதை விளக்கி அரைப்பக்கம் எழுதினேன். தங்கை புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். கொடுக்கிணைப்பு என்று போட்டிருந்தது.

"நண்டு ரெண்டு கொடுக்காலயும் புடிக்கிற மாதிரி. அந்தப் பேர்லயே இருக்குதே. இதுக்கு எதுக்கு அரப்பக்கம்?"

அந்த அரைப்பக்கமும் போயிற்று.

அரையாண்டுத் தேர்வில் அவளுக்குச் சமநிலைப் பாடத்திலிருந்தே ஒரு பெரிய கேள்வி வந்தது. ஹேபர் முறையில் அம்மோனியா தயாரித்தலில் லீ சாட்லியர் தத்துவத்தின் பங்கு. வீட்டுக்கு வந்து குதித்தாள். பக்கம் பக்கமாக எழுதினேன், கூடுதல் தாள் வாங்கினேன் என்றாள். எங்கள் வீட்டில் அன்று பாயசம்.

விடைத்தாள் வந்த நாளில் அவள் என்னிடம் தாளை நீட்டினாள். பள்ளியில் வேதியியல் ஆசிரியர் இல்லாததால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் திருத்தியிருந்தார். பத்து மதிப்பெண் கேள்விக்கு இரண்டு. அந்த இரண்டும் சமன்பாட்டுக்கு. ஓரத்தில் சிவப்பு மையில், 'யார் வீட்டுக் கல்யாணம்?' என்று கேட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கிளாஸ்ல எல்லாரும் படிச்சுப் படிச்சு சிரிக்கிறாளுங்க. புரியாம மனப்பாடம் பண்ணவ எட்டு வாங்கியிருக்கா. எனக்குப் புரிஞ்சுதுன்னு எழுதினேன், ரெண்டு. இனிமே உன் நோட்டு வேணாம்."

போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் நான் அந்த விடைத்தாளை எடுத்து வைத்துப் படித்தேன். அவள் எழுதிய விளக்கத்தில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் முழு விடையிலும் 'வெப்ப உமிழ்வினை' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. லீ சாட்லியர் தத்துவத்தின் வரையறை இல்லை. இரட்டை அம்புக்குறிக்குப் பதில் ஒற்றை அம்பு. வெப்பநிலை எவ்வளவு, ஊக்கி எது என்ற விவரம் இல்லை. திருத்துகிறவர் கட்டுக்கட்டாகத் தாள் வைத்துக்கொண்டு தேடுவது அந்தச் சொற்களைத்தான். அவர் மேல் கோபப்பட்டுப் புண்ணியமில்லை. யோசித்துப் பார்த்தால், அந்தச் சொற்கள் சும்மா கனத்துக்காக வைத்தவை அல்ல. மண்டபம் என்றால் ஒருத்தருக்கு ஒரு மண்டபம் தோன்றும். வெப்ப உமிழ்வினை என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். நான் கனத்தைக் குறைக்கிறேன் என்று எலும்பையும் சேர்த்து எடுத்துவிட்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அவள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது புது நோட்டு ஒன்றைக் காட்டினேன்.

"இடது பக்கம் நமக்கு. வலது பக்கம் திருத்துறவருக்கு."

"அப்பிடின்னா?"

"இடது பக்கம் மண்டபம், ஆட்டோ எல்லாம் இருக்கும். அதப் படிச்சுப் புரிஞ்சுக்க. வலது பக்கம் புத்தகத்து வார்த்தையில வரையறை, சமன்பாடு, நிபந்தனை. முக்கியமான சொல்லுக்கு அடிக்கோடு. பரீட்சையில வலது பக்கத்த மட்டும் எழுது."

அவள் பின்னலை முடித்து, ரிப்பன் கட்டி, பையைத் தூக்கிக்கொண்ட பிறகு, "சரி, ஒரு பாடம் எழுது. பாக்குறேன்" என்றாள்.

நான் அதே ஹேபர் முறையிலிருந்து தொடங்கினேன். வினை வெப்பத்தை உமிழ்வது. எனவே வெப்பநிலையைக் குறைத்தால் அம்மோனியா அதிகம் கிடைக்கும். ஆனால் ரொம்பக் குறைத்தால் வினை ஆமை வேகத்தில் நடக்கும். அதனால் இரண்டுக்கும் பொதுவாக, ஏறத்தாழ ஐந்நூறு டிகிரி செல்சியஸ் என்ற உகந்த வெப்பநிலை. அதிக அழுத்தம். இரும்பு ஊக்கி. இடது பக்கத்தில் கடைசியாக, 'ஊக்கி போட்டால் அம்மோனியா சீக்கிரமாகவும் நிறையவும் கிடைக்கும்' என்று எழுதி முடித்தேன்.

இதற்குள் அவளுடைய தோழி ஒருத்தியும் சேர்ந்துகொண்டிருந்தாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற பெண். சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் பஸ் வருவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்து அன்றன்றைய பக்கங்களை வாங்கிப் படிப்பாள். ரொம்பக் கூச்சம், என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வாள். அன்று அவள் அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுத் தங்கையின் காதில் ஏதோ சொன்னாள்.

"யக்கா, நிறைய கெடைக்குமான்னு கேக்குறா."

"கெடைக்கும். ஊக்கி எதுக்கு இருக்குது பின்ன?"

தங்கை யோசித்தாள். "ஊக்கின்னா மண்டபத்துல மாடிப்படிய அகலம் பண்ற மாதிரின்னு நீதான சொன்ன? படிய அகலம் பண்ணா எறங்குறவங்களும் வேகமா எறங்குவாங்க, ஏறுறவங்களும் வேகமா ஏறுவாங்க. ரெண்டு பக்கமும் வேகம் ஒண்ணா கூடும். அப்ப கீழ இருக்குற கூட்டம் எப்பிடி அதிகமாவும்?"

நான் எழுந்துபோய்க் கல்லூரி நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே, பச்சை மை உட்தலைப்புக்குக் கீழே ஆங்கிலத்தில் இருந்தது: ஊக்கி சமநிலையின் இடத்தை மாற்றுவதில்லை, அதை விரைவில் எட்ட மட்டுமே உதவுகிறது. பேராசிரியர் சொல்லியிருக்கிறார். நான் எழுதியிருக்கிறேன். தேர்வில் திருப்பி எழுதியும் இருக்கிறேன். அது எனக்குள் இறங்கவே இல்லை.

"நிறையங்கறத அடிச்சிடு" என்றேன்.

தோழி முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளே பென்சிலால் அடித்தாள்.

அது எனக்கு ஒரு விதத்தில் நல்ல காலமாக முடிந்தது. அதுவரை வகுப்பில் எழுதிக்கொண்டு மட்டும் இருந்தவள், கேள்வி கேட்க ஆரம்பித்தேன். இதை எளிதாகக் காட்டலாம் என்று பேராசிரியர் சொன்ன ஒரு நாளில், எப்படி சார் என்று எழுந்து நின்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கரும்பலகையை ஒரு முறை பார்த்தார். பிறகு, "நல்ல கேள்வி, உட்காரும்மா" என்று சொல்லிவிட்டு, மணி அடிக்கும்வரை அந்த ஒரு வரியை ஐந்து வரியாக விரித்து எழுதினார். நடுவில் ஒரு தடவை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். எனக்குப் பக்கத்தில் இருந்தவள், இப்பத்தான்டி எனக்கும் புரியுது என்றாள்.

ஜனவரிக்குப் பிறகு இரண்டு பக்க நோட்டு எங்களைவிட வேகமாக ஊரில் சுற்றியது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர், இந்த ஆட்டோப் படம் போட்ட நோட்டு யாருடையது என்று தங்கையைக் கேட்டாராம். படத்தை வரைந்தது அவள்தான். மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்கள், தலைக்கு மேல் NH₃ என்று எழுதியிருக்கும்.

ஆனால் எல்லாப் பாடத்தையும் எழுத முடியவில்லை. என் கடைசிப் பருவத் தேர்வுகளும் செய்முறைத் தேர்வும் வந்துவிட்டன. கரிம வேதியியல் முழுவதும் அப்படியே நின்றது. ஆல்டிஹைடு, கீட்டோன், அமீன் என்று ஒரு பெரும் பகுதி. எனக்கு அதுதான் உறுத்தல். கட்டாயக் கேள்வியே அதிலிருந்துதான் வரும். தங்கையிடம் சொன்னேன்.

"நீ உன் பரீட்சைக்குப் படி. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று நான் கவனிக்கவில்லை. தோழியும் அவளும் கொல்லையில் வாதாம் மரத்தடியில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருப்பார்கள். நான் போனால் மூடிவிடுவார்கள்.

வேதியியல் பொதுத்தேர்வு முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வினாத்தாளை என் கையில் திணித்தாள்.

"கட்டாயக் கேள்வியப் பாரு. நீ போடு பாப்போம்."

A என்ற கரிமச் சேர்மம் கசப்பு வாதுமை மணமுடையது. மூலக்கூறு வாய்பாடு C₇H₆O. அடர் சோடியம் ஹைட்ராக்சைடுடன் சேர்த்தால் ஓர் ஆல்கஹாலும் ஓர் அமிலத்தின் சோடியம் உப்பும் தருகிறது. A எது, மற்றவை எவை?

நான் பேனாவை எடுத்தேன். மூன்று ஆண்டுகள் படித்தவள்தான். ஆனால் என் தேர்வுக்குப் படித்த வேறு ஏதேதோ குறுக்கே வந்தது.

"பென்சால்டிஹைடு" என்றாள் அவள், நான் முடிப்பதற்குள். "பென்சைல் ஆல்கஹால், சோடியம் பென்சோயேட். கன்னிசரோ வினை. சமன்பாடு போட்டேன், அடிக்கோடு போட்டேன், வினைக்குப் பேரு எழுதினேன்."

"இத யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. நாங்களே நோட்டு போட்டோம். இடது பக்கம், வலது பக்கம்."

"காட்டு."

"மாட்டேன். இடது பக்கத்துல உன்னப் பத்தி எழுதியிருக்குது."

எவ்வளவு கெஞ்சியும் காட்டவில்லை. ஆல்டிஹைடு ஒன்று தானே ஆக்சிஜனேற்றமும் அடைந்து தானே ஒடுக்கமும் அடைவதற்கு நான் எந்த வகையில் உதாரணம் ஆனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மே மாதம் முடிவுகள் வந்தபோது, பிரவுசிங் சென்டரில் கூட்டத்தில் நுழைந்து தோழிதான் முதலில் பார்த்தாள். வெளியே வந்து இரண்டு பேருடைய மதிப்பெண்களையும் ஒரே மூச்சில் சொன்னாள். தங்கை வேதியியலில் என்னுடைய பழைய மதிப்பெண்ணைத் தாண்டியிருந்தாள். தோழி தங்கையைத் தாண்டியிருந்தாள். அந்தக் கூச்சக்காரப் பெண் கடைவாசலில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, காலேஜுலயும் இப்பிடித்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்காது. ஆனா நீங்க கேட்டா சொல்லுவாங்க" என்றேன்.

அம்மா கம்பெனியிலிருந்து பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டார். முழங்கை வெள்ளையோடு அப்படியே எங்கள் மூன்று பேரையும் பரோட்டாக் கடைக்கு அழைத்துப்போனார்.